பிளானில் போட்ட கணக்கும் தரையும் ஒத்துவரவில்லையா? அறிகுறியைப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடிக்கும் வழி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும், பின்கட்டில் புதிதாக இரண்டு மூன்று அறை சேர்க்கிறவர்களும் தரைக்கு ஆத்தங்குடிக் கல் சொல்லும் முன் பிளானைக் கையில் வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பினால் கடையில் போய் இன்னும் ரெண்டு பெட்டி வாங்கி வந்துவிடலாம் என்ற கதை இங்கே நடக்காது. ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் கையால் சாயம் ஊற்றி வார்ப்பது. சொன்ன பிறகுதான் வார்ப்பார்கள், தண்ணீரில் ஊறப்போட வேண்டும், காயவைக்க வேண்டும். இரண்டாவது தடவை வரும் கல் முதல் தடவைக் கல்லின் அதே நிறத்தில் அமையும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

தரை போடும் வேலையில் இந்தக் கணக்குத் தகராறு திரும்பத் திரும்ப வரும். பார்த்தவரை, எவ்வளவு தப்பு என்பதைவிட எந்த மாதிரித் தப்பு என்பதுதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். எல்லா அறையும் ஒரே வீதத்தில் தப்புகிறதா, எல்லா அறையும் ஒரே அங்குலத்தில் தப்புகிறதா, ஒரே ஒரு அறை மட்டுமா, மொத்தம் மட்டுமா? முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை இரண்டையும் கம்பி டேப்பில் அளந்து, நீங்கள் பிளானில் போட்ட கணக்குக்குப் பக்கத்தில் எழுதினால் போதும். வீடு இன்னும் கட்டவில்லை என்றால், பிளானிலேயே எழுதியிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பிளானை வைத்துக்கொள்வோம். பின்கட்டில் புதிதாக நாலு அறை. வெளிச்சுவரின் வெளிமுகத்திலிருந்து வெளிமுகம் வரை அகலம் 30 அடி, ஆழம் 23 அடி 3 அங்குலம். சுவர் எல்லாம் 9 அங்குலம். இடப்பக்க அறைகள் இரண்டும் உள்ளளவு 12 அடிக்கு 10 அடி 6 அங்குலம். வலப்பக்க அறைகள் இரண்டும் 15 அடி 9 அங்குலத்துக்கு 10 அடி 6 அங்குலம். மேலே ‘அளவு 1:100’ என்று போட்டிருக்கிறது. இனி வரும் கணக்கெல்லாம் பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

## அறிகுறி 1: எல்லா அறையும் ஒரே வீதத்தில் குறைகிறது, அல்லது கூடுகிறது

ஸ்கேல் வைத்துத் தாளில் அளந்து கணக்குப் போட்டவர்களுக்கு மட்டும்தான் இது வரும். பெரிய அறையும் பாதி, சின்ன அறையும் பாதி என்று வந்தால், அல்லது எல்லா அறையும் நூற்றுக்கு எட்டுக் குறைவு என்று வந்தால், அறையில் குற்றம் இல்லை. தாளிலோ ஸ்கேலிலோதான் குற்றம்.

பிளான் சுருங்கி அச்சாகியிருக்கிறதா? அதிகம் நடப்பது இதுதான். வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், பிளான் வாட்ஸ்அப்பில் வரும், இங்கே ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளில் எடுத்துக் கொடுப்பார்கள். இன்ஜினியர் வரைந்தது ஏ3 தாளுக்கு. ஏ3-ஐ ஏ4-இல் அடக்கினால் நீளம் 0.707 பங்காகிறது, பரப்பு சரிபாதி ஆகிவிடுகிறது.

நம் பிளானில் 12 அடி என்பது 3658 மில்லிமீட்டர். 1:100 தாளில் அது 36.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஏ4 நகலில் 25.9 தான் இருக்கும். மறுபக்கம் 10 அடி 6 அங்குலத்துக்கு 32.0 இருக்க வேண்டியது 22.6 இருக்கும். இதை நூறால் பெருக்கிப் பரப்புக் கண்டால் 63 சதுர அடி. உண்மையில் அந்த அறை 126 சதுர அடி.

சோதனை எளிது. பிளானில் எழுதியிருக்கும் அளவுகளில் மிக நீளமானதைத் தேர்ந்தெடுங்கள். இங்கே 30 அடி, அதாவது 9144 மில்லிமீட்டர். தாளில் அந்தக் கோட்டை அளந்தால் 64.6 வருகிறது. 9144-ஐ 64.6-ஆல் வகுத்தால் 141.5. ஆக உங்கள் கையில் இருக்கும் தாளின் உண்மையான அளவு ஏறக்குறைய 1:141. மேலே 1:100 என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். எப்போதும் நீளமான கோட்டில்தான் இதைச் செய்ய வேண்டும். கதவு திறப்பதைக் காட்டும் கால்வட்ட வில்லின் மேல் ஸ்கேல் வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. 3 அடிக் கதவு 1:100-இல் வெறும் 9 மில்லிமீட்டர், ஸ்கேல் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே கணக்கு ஆறு சதவீதம் ஓடிவிடும்.

பிளானில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக ஒரு அளவுப்பட்டை வரைந்திருந்தால் அதை நம்பலாம், தாள் சுருங்கும்போது அதுவும் சேர்ந்தே சுருங்கும். எழுத்தில் போட்ட 1:100 சுருங்காது.

சுருக்கம் சின்னதாக, மூன்று நாலு சதவீதம் இருந்தால், அச்சடிக்கும்போது `Fit` என்று விட்டிருப்பார்கள். பிடிஎஃப் கோப்பாக வாங்கி, `Actual size` வைத்து, வரைந்த தாள் அளவிலேயே திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். செலவு ஒரு ஏ3 அச்சுக்கூலிதான்.

அடிக்கணக்கு அளவா, மீட்டர் அளவா? பழைய பிளான்களில் கால் அங்குலம் ஒரு அடி, அரைக்கால் அங்குலம் ஒரு அடி என்று இருக்கும். ⅛ அங்குலம் ஒரு அடி என்பது 1:96. பார்வைக்கு 1:100 மாதிரியே இருக்கும். 1:100 பிளானை அடி ஸ்கேலில் படித்தால் நீளம் நாலு சதவீதம் குறைந்து, பரப்பு எட்டு சதவீதம் போல் குறையும். எல்லா அறையும் எட்டு சதவீதம் தப்பினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

போனில் பிடித்த படமா? மேசைமேல் விரித்துச் சாய்வாகப் படம் பிடித்திருந்தால் ஒரு ஓரம் பெரிதாகவும் மறு ஓரம் சிறிதாகவும் இருக்கும். அகலவாக்கில் ஒரு நீளமான அளவு, ஆழவாக்கில் ஒரு நீளமான அளவு இரண்டையும் மேலே சொன்ன மாதிரி வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே எண் வரவில்லை என்றால் அந்தத் தாளில் ஸ்கேல் வைக்கவே கூடாது. எழுதியிருக்கும் அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு எழுதியிருக்கும் இடத்தில் ஸ்கேலைத் தொடாமல் இருந்தாலே இந்த அறிகுறியில் முக்கால்வாசி வராது. எழுதிய அளவும் தாளில் அளந்த அளவும் மோதினால் எழுதியதுதான் செல்லும். எழுதியதே ஒன்றுக்கொன்று மோதுகிறது, உதாரணமாக உள் அளவுகளையும் சுவர்களையும் கூட்டினால் மொத்த அகலம் வரவில்லை என்றால், அதை வரைந்தவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாமாக ஒன்றைச் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

## அறிகுறி 2: எல்லா அறையும் ஒரே அங்குலக் கணக்கில் கூடுகிறது

பெரிய அறையிலும் முக்கால் அடி கூடுதல், சின்ன அறையிலும் முக்கால் அடி கூடுதல். சதவீதமாகப் பார்த்தால் அறைக்கு அறை மாறும், சின்ன அறையில்தான் அடி பலமாக விழும். உள்ளளவு 6 அடிக்கு 4 அடி உள்ள ஒரு குளியலறை 24 சதுர அடி. இரண்டு பக்கமும் முக்கால் அடி கூட்டிப் படித்தால் 32 சதுர அடி ஆகிவிடுகிறது, மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

காரணம் பெரும்பாலும் சுவரின் நடுக்கோடு. அஸ்திவாரம் தோண்டக் கயிறு கட்டுகிறவருக்குச் சுவரின் நடுவிலிருந்து நடு வரை அளவு வேண்டும். தரை போடுகிறவருக்கு உள்முகத்திலிருந்து உள்முகம் வரை வேண்டும். இரண்டு வகைப் பிளானும் ஒரே கட்டுக்குள் இருக்கும், கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

கண்டுபிடிக்க, அளவுக்கோட்டின் முனையில் இருக்கும் சின்ன சாய்வுக் கோடோ அம்போ எங்கே போய் முட்டுகிறது என்று பாருங்கள். சுவரைக் காட்டும் இரட்டைக் கோட்டின் உள்கோட்டில் முட்டினால் உள்ளளவு. இரண்டு கோட்டுக்கும் நடுவில், கோடும் புள்ளியுமாகப் போகும் ஒரு மெல்லிய கோட்டில் முட்டினால் நடுக்கோட்டு அளவு.

மங்கிய நகலில் முனை தெரியவில்லை என்றால் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். நம் பிளானில் அகலவாக்கில் 12 அடி, 15 அடி 9 அங்குலம் என்று இருந்தால், மூன்று சுவருக்கு 2 அடி 3 அங்குலம் சேர்த்தால்தான் 30 வரும். ஆகவே உள்ளளவு. அதே பிளானில் 12 அடி 9 அங்குலம், 16 அடி 6 அங்குலம் என்று இருந்தால் கூட்டுத்தொகை 29 அடி 3 அங்குலம். ஒரே ஒரு சுவர்க் கனம் சேர்த்தாலே 30 வந்துவிடும், இரண்டு ஓரத்திலும் அரைச்சுவர் பாக்கி இருப்பதால். ஆகவே நடுக்கோட்டு அளவு. 12 அடி 9 அங்குலத்தையும் 11 அடி 3 அங்குலத்தையும் அப்படியே பெருக்கினால் 143 சதுர அடிக்கு மேல் வரும். சரியான பரப்பு 126.

திருத்தம்: நீளத்தில் ஒரு சுவர்க் கனம், அகலத்தில் ஒரு சுவர்க் கனம் கழியுங்கள். ஒரு பக்கம் 9 அங்குலம், மறுபக்கம் நாலரை அங்குலத் தடுப்புச்சுவர் என்றால் இரண்டின் பாதியையும் தனித்தனியாகக் கழிக்க வேண்டும்.

அடுத்து, பூச்சு. பிளானில் இருப்பது செங்கல் முகம். உள்பூச்சு சுவருக்கு அரை அங்குலம் என்றால் அறைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு அங்குலம் போய்விடும். 126 சதுர அடி அறை 124 ஆகும். கல் கணக்குக்கு இது தொந்தரவு இல்லை. ஆனால் சுவரை ஒட்டிக் கரைக்கல் ஓடவேண்டும் என்று வடிவம் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அந்த ஒரு அங்குலமும் கணக்கு. அவர்கள் பூச்சு முடிந்த பிறகு டேப் வைத்துவிட்டுத்தான் கல் சொல்ல வேண்டும்.

## அறிகுறி 3: ஒரே ஒரு அறை மட்டும் தப்புகிறது

மற்ற அறையெல்லாம் சரியாக இருந்து ஒன்று மட்டும் உதைத்தால், முதலில் உங்கள் கால்குலேட்டரைப் பாருங்கள், அப்புறம் பிளானைப் பார்க்கலாம்.

அங்குலத்தைப் புள்ளியாக அடித்தீர்களா? 10 அடி 6 அங்குலம் என்பது 10.5, 10.6 அல்ல. இதில் தப்பு சின்னது. 10 அடி 10 அங்குலத்தை 10.10 என்று அடிக்கும்போதுதான் வேலை கெடும். கால்குலேட்டருக்கு அது 10.1. சரியான எண் 10.83. 12 அடி அகல அறையில் 130 சதுர அடி வரவேண்டியது 121 தான் வரும். அங்குலத்தை 12-ஆல் வகுத்து அடியோடு சேர்ப்பதை ஒரு தாளில் எழுதிவிட்டுத்தான் பெருக்க வேண்டும்.

ஜன்னலைக் கதவு என்று படித்து அங்கேயும் தரைக் கணக்குச் சேர்த்தீர்களா? கதவு என்றால் சுவர்க்கோடு இரண்டும் அறுந்து நடுவில் வெற்றிடமாக இருக்கும், ஒரு நேர்க்கோடும் கால்வட்ட வில்லும் இருக்கும். ஜன்னல் என்றால் சுவர்க்கோடு அறாமல் ஓடும், இடையில் இன்னும் ஒன்றிரண்டு மெல்லிய கோடு சேர்ந்திருக்கும். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலுக்கும் சிலர் வில் போடுவார்கள், அதனால் வில்லை மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள். பக்கத்தில் D, D1 என்று இருந்தால் கதவு, W ஜன்னல், V காற்றுத்துளை. பிளானின் ஓரத்தில் இருக்கும் அட்டவணையில் அந்த எழுத்துக்கு நேரே அகலமும் உயரமும் இருக்கும்.

புள்ளிக்கோட்டைச் சுவர் என்று எடுத்தீர்களா? பிளான் என்பது தரையிலிருந்து மூன்று நாலு அடி உயரத்தில் வீட்டைக் குறுக்கே வெட்டி மேலிருந்து பார்ப்பது. அந்த வெட்டுக்கு மேலே இருக்கும் பரண், உத்தரம், சன்ஷேட் எல்லாம் புள்ளிக்கோடாக வரும். அதன் கீழே தரை இருக்கிறது, கல் வேண்டும். சுவரோடு கட்டிய அலமாரி நேர்க்கோட்டில் வந்து, அதன் அடியில் தரை போடாமல் விடுவதாக இருந்தால் மட்டும் கழியுங்கள்.

தப்புகிற அறை வளவா? பழைய வீட்டுப் பிளானில் இது தனிக் கேஸ். வளவு என்று நடுவில் எழுதி ஒரு பெரிய அளவு போட்டிருப்பார்கள், உதாரணத்துக்கு 40 அடிக்கு 30 அடி. பெருக்கினால் 1200. ஆனால் நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கிறது. வரைபடத்தில் அது மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்ட கட்டமாகவோ, OTS என்ற எழுத்தோடோ வரும். சில பேர் ஒன்றும் போடாமல் ஒரு வெறும் கட்டமாக விட்டுவிடுவார்கள், அங்கேதான் ஏமாறுவோம். சுற்றிலும் பத்தி 8 அடி என்றால் முற்றம் 24 அடிக்கு 14 அடி, 336 சதுர அடி. பத்தியின் தரை 864 சதுர அடிதான். முற்றத்துக்குப் பெரும்பாலும் கருங்கல், மழைத்தண்ணீர் விழுகிற இடம். அந்தக் கணக்கைக் கொத்தனாரிடம் தனியாகக் கொடுக்க வேண்டும்.

பத்தியில் நிற்கும் தூண்களைச் சதுரக் கட்டமாகவோ வட்டமாகவோ நிரப்பிக் காட்டியிருப்பார்கள். தூணுக்கு ஒரு சதுர அடிகூட வராது. கழிக்காமல் விடுங்கள், தூணைச் சுற்றி வெட்டுகிற கல் சேதத்துக்கு அது சரியாகப் போய்விடும்.

## அறிகுறி 4: அறைப் பரப்பெல்லாம் சரி, கல் மட்டும் பத்தவில்லை

“ரூம் ரூமா அளந்து பாத்துட்டேன் தம்பி, எல்லாம் சரியாத்தான் இருக்கு. கல்லு மட்டும் எங்க போச்சு?” என்று ஒரு ஆச்சி போனில் கேட்டார். பழைய வீடு, இரண்டடிச் சுவர், வளவைச் சுற்றி எட்டுக் கதவு. ஆளை வைத்துக் கல்லை எண்ணுவதா வேண்டாமா என்ற யோசனையில் இருந்தார். கல் எங்கும் போகவில்லை, கதவுக்குழிக்குள் போயிருந்தது.

அறையின் உள்ளளவு சுவரின் முகத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் கதவு இருக்கும் இடத்தில் தரை சுவரின் கனத்துக்குள்ளும் ஓடுகிறது. புது வீட்டில் 9 அங்குலச் சுவர், அதில் நிலை நாலைந்து அங்குலம் போக மிச்சம் நாலு அங்குலம், 3 அடிக் கதவுக்கு ஒரு சதுர அடி. யாருக்கும் தெரியாமல் சேதத்தில் கரைந்துவிடும். பழைய செட்டிநாட்டு வீட்டில் அப்படி இல்லை. இரண்டடிச் சுவரில் நிலை அரை அடி என்று வைத்தாலும் ஒன்றரை அடி ஆழத்துக்குத் தரை கிடக்கிறது. மூன்றரை அடி வாசலுக்கு ஐந்தேகால் சதுர அடி. எட்டு வாசலுக்கு 42 சதுர அடி. பத்து அங்குலக் கல் ஒன்று 0.694 சதுர அடி, ஆக ஏறக்குறைய 61 கல். ஆச்சிக்குக் குறைந்த கல்லும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இதைப் பிளானில் படிக்கக் கதவின் வில்தான் வழி. பார்க்க வேண்டியது இரண்டு.

ஒன்று, வாசலின் அகலம். ஒற்றைக் கதவு என்றால் வில்லின் ஆரமே ஏறக்குறைய வாசலின் அகலம். பழைய வீட்டு இரட்டைக் கதவு என்றால் இரண்டு சின்ன வில் எதிரெதிரே வரும், ஒரு வில்லின் ஆரம் வாசலில் பாதி. ஒரு வில்லை மட்டும் பார்த்துவிட்டு ‘ஒன்றேமுக்கால் அடி வாசலா!’ என்று ஆச்சரியப்பட வேண்டாம்.

இரண்டு, குழி எந்த அறையின் கணக்கில் சேரும் என்பது. இரண்டு அறைக்கும் ஒரே கல் என்றால் இந்தக் கேள்வியே இல்லை. பத்தியில் ஒரு டிசைன், அறையில் ஒரு டிசைன் என்றால் முக்கியம். கதவைச் சாத்தினால் இரண்டு டிசைனும் சேருகிற கோடு கதவின் அடியில் மறைய வேண்டும். புது வீட்டில் கதவு எந்த அறைக்குள் திறக்கிறதோ அந்த அறையின் சுவர்முகத்தை ஒட்டித்தான் நிலை வைப்பார்கள், அப்போதுதான் கதவு முழுக்கத் திறந்து சுவரோடு சாயும். ஆகவே படுக்கையறைக்குள் திறக்கும் கதவு என்றால் குழி ஹால் பக்கம், ஹால் கல்லில் சேர்க்க வேண்டும். பழைய வீட்டில் பெரும்பாலும் இது தலைகீழ். செதுக்கு வேலை செய்த நிலை பத்திப் பக்கம் முகம் காட்டி நிற்கும், கதவு இரண்டும் உள்ளே மடங்கிச் சுவரின் கனத்துக்குள்ளேயே அடங்கிவிடும். வில் இரண்டும் சுவரின் இரட்டைக் கோட்டுக்குள் அடைந்து கிடந்தால் இந்த வகை. குழி அறையின் கணக்கு. பிளான் தெளிவாக இல்லை என்றால் ஒரு வாசலை நேரில் போய்ப் பார்த்தால் மீதி வாசல்களும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

பழைய வாசப்படி மரமாகவோ கல்லாகவோ இருந்து, அதை அப்படியே விடுவதாக இருந்தால் அந்த அகலத்தைக் கழித்துவிடுங்கள்.

கதவுக்குழியைச் சேர்த்த பிறகும் பத்தவில்லையா? அப்போது வெட்டுச் சேதம். 12 அடிக்கு 10 அடி 6 அங்குல அறை, பத்து அங்குலக் கல். பரப்பை வகுத்தால் 182 கல் போதும். ஆனால் நீளவாக்கில் 14.4 வரிசை, அகலவாக்கில் 12.6. வெட்டின துண்டு எதுவும் திரும்ப உதவாது என்றால் 15-ஐ 13-ஆல் பெருக்கி 195 கல் வேண்டும். பூப்போட்ட கல்லில் துண்டு பெரும்பாலும் உதவாது, பூ பொருந்தாது. கரைக்கல்லும் மூலைக்கல்லும் நடுக்கல்லும் தனித்தனியாக எண்ணிச் சொல்ல வேண்டியவை. மொத்தச் சதுர அடியை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் நடுக்கல் மிஞ்சிக் கரைக்கல் பத்தாமல் நிற்கும்.

## அறிகுறி 5: அறைகளைக் கூட்டினால் மொத்தப் பரப்பு வரவில்லை

“ஏழு சதுரம் வீடுன்னு சொன்னாங்க, கூட்டினா ஆறுகூட வரலையே” என்ற கேள்வி. ஒரு சதுரம் என்றால் நூறு சதுர அடி. நம் பிளானில் வெளியளவு 30 அடியையும் 23 அடி 3 அங்குலத்தையும் பெருக்கினால் 697.5 சதுர அடி, அதுதான் அந்த ஏழு சதுரம். நாலு அறையின் உள்ளளவையும் கூட்டினால் 583 தான். மிச்சம் 115 சதுர அடி சுவர் தின்றது. மொத்தத்தில் பதினாறு சதவீதத்துக்கு மேல். 9 அங்குலச் சுவரில் சின்ன அறைகளாகப் பிரித்த கட்டடத்துக்கு இது சாதாரணம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

இடைவெளி இதைவிடப் பெரிதாக இருந்தால், அந்த மொத்தத்தில் எதையெல்லாம் சேர்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். திண்ணை, மாடிப்படி, பால்கனி, பழைய வீடு என்றால் முற்றம், இவைதான் வழக்கமாக ஒளிந்திருக்கும். அடுக்குமாடி வாங்குகிறவர்கள் கேட்கும் கார்ப்பெட் ஏரியா இன்னொரு கணக்கு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி அதில் உள்தடுப்புச் சுவர் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. அதனால் அந்த எண்ணையும் தரைக் கல்லுக்கு அப்படியே எடுக்க முடியாது.

பழைய வீட்டை யாரோ அளந்து வரைந்த பிளானில் உள்ளளவெல்லாம் நிஜத்தோடு ஒத்துப்போய், மொத்த அகலம் மட்டும் சில அடி குறைந்தால், சுவர் எல்லாவற்றையும் 9 அங்குலம் என்று பழக்கத்தில் போட்டிருப்பார்கள். ஒரு ஜன்னலின் குழியில் டேப்பை விட்டால் சுவரின் நிஜக் கனம் தெரிந்துவிடும். தரைக் கல்லுக்கு இதனால் கதவுக்குழியில் மட்டும்தான் பாதிப்பு.

ஆனால் அந்தப் பிளானைப் பங்காளிகளுக்குள் பாகம் பிரிக்கவோ பத்திரம் எழுதவோ பயன்படுத்துவதாக இருந்தால் டேப்பைச் சுருட்டி வையுங்கள். உரிமம் உள்ள சர்வேயர் அளந்து, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டிய வேலை அது. அனுமதி வாங்கிய பிளானுக்கும் கட்டியதற்கும் அளவு மாறினாலும் அப்படித்தான், இன்ஜினியரிடம் போகாமல் முடியாது.

## அறிகுறி 6: அளவெல்லாம் சரி, கல் வரிசை மட்டும் கோணுகிறது

ஒரு மூலையில் முழுக்கல்லில் ஆரம்பித்த வரிசை மறுமூலையில் போய் மூன்று அங்குலத் துண்டாக முடிகிறது. பிளானில் செவ்வகமாக வரைந்திருந்தாலும் அறை செவ்வகமாக இல்லை என்று அர்த்தம்.

எதிரெதிர்ச் சுவர்களை முதலில் அளங்கள். ஒரு பக்கம் 12 அடி, எதிர்ப்பக்கம் 11 அடி 8 அங்குலம் என்றால் சராசரி எடுத்தால் பரப்புக்குப் போதும். எதிரெதிர்ச் சுவர் சமமாக இருந்தும் கோணுகிறது என்றால் மூலைக்கு மூலை அளக்க வேண்டும். 12 அடிக்கு 10 அடி 6 அங்குல அறையில் இரண்டு மூலைவிட்டமும் 15 அடி 11 அங்குலத்துக்குச் சற்று மேல் வரவேண்டும். இரண்டுக்கும் ஓர் அங்குலத்துக்குள் வித்தியாசம் என்றால் கொத்தனாரே சமாளித்துவிடுவார். அதற்கு மேல் போனால் பரப்பு அவ்வளவாக மாறாது, வெட்டுச் சேதம்தான் ஏறும். சுவரோரம் கரைக்கல் போடாமல், நடுவில் நூல் பிடித்து முழுக்கல் வரிசையை ஆரம்பித்து, கோணலை ஓரத்துச் சாதாரணக் கல்லில் ஒளிப்பது வழக்கம்.

மூன்று நாலு அறையில் இப்படி வந்தால், அல்லது சுவர் ஒரு பக்கம் வெடித்துச் சாய்ந்த மாதிரி தெரிந்தால், கல் சொல்வதை நிறுத்திவிட்டு முதலில் இன்ஜினியரைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டுங்கள். சுவரில் குறையில்லை என்று அவர் சொன்ன பிறகு புதிதாக ஒரு அளவுப் பிளான் வரையச் சொல்லலாம். வரைகிறவரிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு அறைக்கும் நாலு சுவரின் உள்ளளவும் பூச்சுக்கு மேல் எடுத்தது, குறைந்தது ஒரு மூலைவிட்டம், ஒவ்வொரு வாசலிலும் சுவரின் கனமும் நிலை நிற்கும் முகமும். நீளம், அகலம் என்று அறைக்கு இரண்டே எண் போட்டு வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.